எவ்வளவு பிழை பெரிய பிழை? சிறு உற்பத்தி நிறுவனத் தணிக்கையில் மெட்டீரியாலிட்டி

ஒரு நிறுவனத்தின் கணக்கில் எவ்வளவு ரூபாய்ப் பிழை இருந்தால் அதை நம்பிப் படிப்பவரின் முடிவு மாறும்? நிதிநிலை அறிக்கைகள் உண்மையான, நியாயமான சித்திரத்தைத் தருகின்றனவா என்று கருத்துச் சொல்லும் ஒவ்வொரு ஆடிட்டரும் இந்தக் கேள்விக்கு ஒரு தொகையைப் பதிலாக எழுதியாக வேண்டும். அந்தத் தொகையைத்தான் தொழிலில் மெட்டீரியாலிட்டி என்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள பிழைகள் தனியாகவோ சேர்ந்தோ படிப்பவரைத் திசைதிருப்பாது என்றும், மேலே போனால் திசைதிருப்பக்கூடும் என்றும் ஆடிட்டர் எடுத்துக்கொள்கிறார்.

சிக்கல் என்னவென்றால், வேலை தொடங்கும் முன்பே இதை எழுத வேண்டும். மார்ச் 31-இல் ஆண்டு முடியும் நிறுவனத்துக்கு பெரும்பாலும் பிப்ரவரியிலேயே திட்டம் போடப்படுகிறது. அப்போது கையில் இருப்பவை ஒன்பது மாதக் கணக்கும் போன ஆண்டின் அறிக்கையும் மட்டுமே. ஆண்டு முடிந்து உண்மையான எண்கள் வரும்போது அந்தத் தொகை பொருந்தாமல் போகலாம். அதை எப்படித் தீர்மானிப்பது, எப்போது மாற்றுவது என்பதற்குப் பல பத்தாண்டுகளாகப் பல பதில்கள் சொல்லப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் சிறு உற்பத்தி நிறுவனம் ஒன்றில் எங்கே நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

சதவீதமே போதும் என்ற நிலைப்பாடு

மிகப் பழையதும் இன்றும் மிகப் பரவலானதும் சதவீத முறை. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம், அல்லது விற்றுமுதலில் அரை முதல் ஒரு சதவீதம், அல்லது மொத்தச் சொத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்று ஆடிட் அலுவலகங்களில் வழக்கமாகிவிட்ட அளவுகள் உண்டு. இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கும் காலங்களுக்குப் பொருந்தும் எஸ்.ஏ. 320 என்ற தணிக்கைத் தரநிலை எந்தச் சதவீதத்தையும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அதன் விளக்கப் பகுதி, லாப நோக்குள்ள உற்பத்தி நிறுவனத்துக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் பொருத்தமாக இருக்கலாம் என்று ஓர் உதாரணம் தருகிறது. கூடுதலான அல்லது குறைவான சதவீதமும் சூழ்நிலைக்கேற்பப் பொருந்தலாம் என்று அதே இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. நடைமுறையில் உதாரணம் நிலைத்துவிட்டது, அதன் நிபந்தனை பின்னுக்குப் போய்விட்டது.

இந்த முறையின் பலம் ஒழுங்கு. ஒரே மாதிரியான இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு ஆடிட்டர்கள் ஏறக்குறைய ஒரே தொகைக்கு வருவார்கள், பின்னால் கோப்பைப் பரிசீலிப்பவருக்கும் கணக்கு புரியும். பலவீனம், எந்த அடிப்படை அளவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே விடை பெரிதும் அடங்கிவிடுகிறது என்பது. லாபம் மெலிந்த சிறு நிறுவனத்தில் லாபத்தின் 5 சதவீதமும் விற்றுமுதலின் ஒரு சதவீதமும் மூன்று மடங்கு வேறுபடலாம்.

குடும்பம் நடத்தும் நிறுவனங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லாபத்தின் பெரும்பகுதியை இயக்குநர்களே சம்பளமாக எடுத்துக்கொண்டால், மிஞ்சும் லாபம் பெயரளவுக்குத்தான் இருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் இயக்குநர் ஊதியத்தையும் வரியையும் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை அடிப்படையாகக் கொள்வது பொருத்தமாக இருக்கலாம் என்று எஸ்.ஏ. 320 குறிப்பிடுகிறது.

சட்டத்தில் உள்ள வரம்புகளை இங்கே இழுத்து வருவதும் ஒரு பொதுவான தவறு. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, விற்றுமுதலின் ஒரு சதவீதம் அல்லது ஒரு லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டும் வரவு செலவைத் தனியே காட்டச் சொல்கிறது. காரோ 2020 ஆணை, சரக்கு எண்ணிக்கையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்ததா என்று கேட்கிறது. முதலாவது கணக்கை எப்படிக் காட்டுவது என்பதற்கான அளவு, இரண்டாவது ஆடிட்டர் எதைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கான அளவு. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இவை இரண்டுமே விடை அல்ல.

படிப்பவரிடமிருந்து தொடங்கும் நிலைப்பாடு

இரண்டாவது மரபு சட்டத்திலிருந்து வந்தது. 1976-இல் டி.எஸ்.சி. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு தகவல் நியாயமான பங்குதாரருக்கு முக்கியமாகப் படுவதற்குக் கணிசமான வாய்ப்பு இருக்கிறதா என்பதே சோதனை என்று வகுத்தது. தணிக்கைத் தரநிலைகளும் இதே திசையில் நிற்கின்றன. வணிகமும் கணக்கும் ஓரளவு தெரிந்த, அறிக்கையைக் கவனமாகப் படிக்கத் தயாராக உள்ள ஒரு பயனாளரை ஆடிட்டர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தனிப்பட்ட ஒருவரின் விசேஷத் தேவையை அல்ல, ஒரு குழுவாகப் பயனாளர்களின் பொதுத் தேவையைப் பார்க்க வேண்டும்.

பங்குச் சந்தை நிறுவனத்துக்கு இது எளிதில் பொருந்தும். சிறு நிறுவனத்தில் பங்குதாரர்கள் ஒரே குடும்பம், அவர்களுக்கு எண்கள் ஏற்கெனவே தெரியும். அறிக்கையை உண்மையில் நம்பிப் படிப்பவர்கள் கடன் கொடுத்த வங்கியும், ஓரளவு வருமான வரித்துறையும், பெரிய சப்ளையர்களும்தான். அப்படியென்றால் பயனாளர் குழு என்பது பெரும்பாலும் ஒரு வங்கிக் கிளை என்றாகிறது. அந்த வங்கிக்கு எது முக்கியம் என்று ஆடிட்டருக்குத் தெரியுமா, அதற்காகக் கடன் ஒப்பந்தத்தைத் திட்டமிடும்போதே படித்தாரா என்பதில்தான் இந்த நிலைப்பாடு வெற்றி பெறுகிறது அல்லது வெறும் வாசகமாகிறது.

தொகை மட்டும் போதாது என்ற நிலைப்பாடு

1999 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் வெளியிட்ட 99-ஆம் எண் கணக்கியல் அறிக்கை, சதவீத வரம்பை மட்டுமே நம்புவதை நேரடியாக மறுத்தது. 5 சதவீதத்தை முதற்கட்ட அளவாகக் கொள்ளலாம், அதோடு நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். நஷ்டத்தை லாபமாக மாற்றும் பிழை, கடன் நிபந்தனை மீறலை மறைக்கும் பிழை, நிர்வாகத்தின் ஊதியத்தைக் கூட்டும் பிழை, சட்டவிரோதப் பரிவர்த்தனையை மூடும் பிழை போன்றவை சிறியதாக இருந்தாலும் முக்கியமானவையாகலாம் என்று அது பட்டியலிட்டது. இந்திய எஸ்.ஏ. 450-இன் விளக்கத்திலும் இதே வகைக் காரணிகள் உண்டு.

இதன் பலவீனம் திட்டமிடும் கட்டத்தில் தெரியும். எந்தச் சிறு பிழை எந்த நிபந்தனையை உடைக்கும் என்று முன்கூட்டியே எல்லாவற்றையும் தேடித் தணிக்கையை வடிவமைக்க முடியாது. எனவே தன்மை சார்ந்த அளவுகோல் பெரும்பாலும் பிழை கிடைத்த பிறகு அதை எடைபோடவே உதவுகிறது. பிழையைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தொகைதான் செலுத்துகிறது. தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள், இயக்குநர் ஊதியம் போன்ற சில தலைப்புகளுக்கு மட்டும் தனியாகக் குறைந்த மெட்டீரியாலிட்டி வைக்கத் தரநிலை இடம் தருகிறது.

ஒரு வார்ப்பாலையின் எண்கள்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்புகளுக்கு வார்ப்பு உதிரிபாகம் செய்து, லேத்தில் கடைந்து விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. டிசம்பர் வரையிலான ஒன்பது மாத விற்பனை ₹18 கோடி, வரிக்கு முந்தைய லாபம் ₹1.20 கோடி. இதை ஆண்டுக்கு விரித்தால் விற்பனை ₹24 கோடி, லாபம் ₹1.60 கோடி. போன ஆண்டு லாபம் ₹1.50 கோடி என்பதால் இந்த மதிப்பீடு நம்பத்தக்கதாகப் படுகிறது. இரண்டு இயக்குநர்களின் ஆண்டு ஊதியம் ₹60 லட்சம். மொத்தச் சொத்து ₹14 கோடி.

லாபத்தின் 5 சதவீதம் ₹8 லட்சம். இயக்குநர் ஊதியத்தையும் சேர்த்தால் ₹11 லட்சம். சொத்தின் ஒரு சதவீதம் ₹14 லட்சம். விற்றுமுதலின் ஒரு சதவீதம் ₹24 லட்சம். ஊதியத்துக்குப் பிறகும் லாபம் பெயரளவாக இல்லை, ஆண்டுக்காண்டு பெரிதாக ஆடவும் இல்லை. ஆகவே ஆடிட்டர் லாபத்தையே எடுத்து ₹8 லட்சம் என்று எழுதுகிறார்.

அடுத்து வருவது பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியாலிட்டி. வேலையை நேரடியாக ₹8 லட்சத்துக்கு அளந்து செய்தால், கண்டுபிடிக்காமல் போன சிறு பிழைகள் கூடிச் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். அதற்கு இடம் விட்டு, பொதுவாக 50 முதல் 75 சதவீதத்துக்குள் ஒரு குறைந்த தொகையில் சோதனைகளை நடத்துகிறார்கள். இந்த விகிதமும் வழக்கம்தான், தரநிலையின் கட்டளை அல்ல. போன ஆண்டு சரக்கு மதிப்பீட்டில் பிழை இருந்ததால் இங்கே 60 சதவீதம் எடுக்கப்படுகிறது, அதாவது ₹4.80 லட்சம். திரட்டவே தேவையில்லாத அற்பத் தொகை, 5 சதவீதக் கணக்கில், ₹40,000.

இந்த எண் தணிக்கை வேலையை எப்படி நகர்த்துகிறது என்பதைச் சரக்கில் பார்க்கலாம். உற்பத்தியிலும் கிடங்கிலும் இருக்கும் சரக்கு ₹1.44 கோடி. பண மதிப்பு அடிப்படையில் மாதிரி எடுக்கும் முறையில், உள்கட்டுப்பாட்டை நம்பாமல், பிழை எதிர்பார்க்காமல், 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியாலிட்டியை 3-ஆல் வகுத்து இடைவெளி காண்கிறார்கள். ₹4.80 லட்சத்துக்கு இடைவெளி ₹1.60 லட்சம், தேர்வுகள் சுமார் 90. இந்த 90 எண்ணிக்கை அடுத்த பகுதியில் மாறப்போகிறது.

நடுவில் மாறுவது ஏன்

மே மாதம் வரைவுக் கணக்கு வருகிறது. லாபம் ₹1.60 கோடி அல்ல, ₹90 லட்சம். ஒரு வாடிக்கையாளர் தொழிலை மூடியதில் ₹40 லட்சம் வாராக்கடன். மீதி ₹30 லட்சம் குறைவு, நான்காம் காலாண்டில் ஆர்டர் சுருங்கியதால் வந்தது. ஆரம்பத்திலேயே இது தெரிந்திருந்தால் வேறு தொகையைத்தானே எழுதியிருப்போம் என்று ஆடிட்டருக்குத் தோன்றினால், மாற்றியே ஆக வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 320. எதிர்பார்த்த முடிவும் உண்மையான முடிவும் கணிசமாக விலகும் நிலையைத் தரநிலையே உதாரணமாகச் சொல்கிறது. தொழிலின் பெரும் பகுதியை விற்க முடிவெடுப்பதும், நிறுவனத்தைப் பற்றிய ஆடிட்டரின் புரிதல் மாறுவதும் அதே வகைக் காரணங்கள்.

புதிய தொகை எவ்வளவு என்பதில் இரண்டு தரப்பு உண்டு. நேரடிக் கணக்கில் ₹90 லட்சத்தின் 5 சதவீதம், ₹4.50 லட்சம். வாராக்கடன் விதிவிலக்கான நிகழ்வு, அதை நீக்கி இயல்பான லாபத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ₹1.30 கோடியின் 5 சதவீதம், ₹6.50 லட்சம். இயல்பாக்கலுக்குத் தரநிலை இடம் தருகிறது. ஆனால் அந்த நிகழ்வு உண்மையிலேயே ஒருமுறை வருவதுதானா என்பதற்குச் சான்று வேண்டும். கடன்பாக்கி வயதுப்பட்டியலில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் ஆறு மாதம் தாண்டி நிற்கிறார்கள் என்றால், வாராக்கடனை விதிவிலக்கு என்று சொல்வது கடினம். நமது உதாரணத்தில் அப்படித்தான் இருக்கிறது, எனவே ₹4.50 லட்சம் எழுதப்படுகிறது.

அதன் விளைவு உடனே கீழே இறங்குகிறது. பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியாலிட்டி அதே 60 சதவீதத்தில் ₹2.70 லட்சம். சரக்கில் இடைவெளி ₹90,000, தேர்வுகள் சுமார் 160. ஏற்கெனவே முடித்த 90 தேர்வுகள் போதாது, கூடுதலாகச் சோதிக்க வேண்டும். விலைச் சோதனையைக் கூட்டுவது எளிது, பில்கள் கோப்பில் இருக்கின்றன. மார்ச் 31-இல் எண்ணிய சரக்கை இப்போது மீண்டும் எண்ண முடியாது. ஜூனில் ஒருமுறை எண்ணி, இடைக்கால உற்பத்தியையும் விற்பனையையும் கழித்துக் கூட்டிப் பின்னோக்கி மார்ச் நிலைக்கு வர வேண்டும். இந்தச் செலவும் தாமதமும்தான் பல அலுவலகங்களில் மாற்றத்தைத் தவிர்க்கும் உண்மைக் காரணம் எனலாம். அற்பத் தொகையும் ₹22,500-ஆக இறங்குவதால், முன்பு குறித்துக்கொள்ளாமல் விட்ட பிழைகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

மேல்நோக்கி மாற்றலாமா

எஸ்.ஏ. 320-இன் விதி வேறொரு தொகை என்றுதான் சொல்கிறது, குறைந்த தொகை என்று சொல்லவில்லை. எனவே எதிர்பார்த்ததைவிட லாபம் கூடினால் வரம்பை உயர்த்தத் தடையில்லை என்பது ஒரு வாசிப்பு. மற்றொரு வாசிப்பு, மாற்றிய பின் செய்ய வேண்டியவற்றைத் தரநிலை விவரிக்கும்போது குறைந்த தொகையைப் பற்றியே பேசுகிறது என்பதைச் சுட்டுகிறது. இது அந்தத் திசையில்தான் ஆபத்து என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

இங்கே நேரமே முக்கியமாகிறது. பிழை எதுவும் கிடைக்கும் முன் உயர்த்தினால், புதிய தகவலுக்குக் கொடுத்த பதில் என்று ஏற்கலாம். ₹9 லட்சப் பிழை கையில் இருக்கும்போது வரம்பு ₹8 லட்சத்திலிருந்து ₹10 லட்சமாகிறது என்றால், பிழையைக் கணக்கிலிருந்து வெளியே விடுவதற்காக வேலி நகர்த்தப்பட்டது என்றே கோப்பைப் பரிசீலிப்பவர் நினைப்பார். காரணமும் தேதியும் கோப்பில் இருக்க வேண்டும் என்ற ஆவணத் தேவை இந்த இடத்தில்தான் பல்லுள்ளதாகிறது.

பழைய பிழையும் கடன் நிபந்தனையும்

கூடுதல் சோதனையில் ஒரு பிழை வெளிப்படுகிறது. ஃபவுண்டரியின் நிலையான மேற்செலவு மாதம் ₹12 லட்சம், வழக்கமான உற்பத்தி மாதம் 60 டன். அதாவது கிலோவுக்கு ₹20. நான்காம் காலாண்டில் உற்பத்தி மாதம் 40 டன்னாகக் குறைந்தது. நிறுவனம் அதே ₹12 லட்சத்தை 40 டன்னால் வகுத்து கிலோவுக்கு ₹30 என்று சரக்கில் ஏற்றிவிட்டது. வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே நிலையான செலவைச் சரக்கில் ஏற்ற வேண்டும், வேலை குறைந்ததால் மிஞ்சிய செலவு அந்த ஆண்டின் செலவாகவே போக வேண்டும் என்பது ஏ.எஸ். 2 விதி. கையிருப்பு 55 டன், கிலோவுக்கு ₹10 கூடுதல், ஆக மிகை மதிப்பு ₹5.50 லட்சம். ஆர்டர் குறைந்த ஆண்டில் கிலோ அடக்கச் செலவு ஏறியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இதே வகைப் பிழை போன ஆண்டும் ₹3 லட்சம் இருந்தது, அப்போதைய ₹7.50 லட்ச வரம்புக்குள் வந்ததால் திருத்தாமல் விடப்பட்டது. இப்போது இரண்டு கணக்குகள். இந்த ஆண்டு லாபத்தில் ஏற்பட்ட பாதிப்பு மட்டும் என்றால் வித்தியாசம் ₹2.50 லட்சம். இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் முழுப் பிழை என்றால் ₹5.50 லட்சம். ₹4.50 லட்ச வரம்புக்கு முன் ஒன்று உள்ளே, மற்றது வெளியே. அமெரிக்க ஒழுங்காணையம் 2006-இல் 108-ஆம் எண் அறிக்கையில் இரண்டு வழியிலும் கணக்கிடச் சொன்னது. எஸ்.ஏ. 450 முந்தைய ஆண்டுப் பிழைகளின் விளைவையும் கருதச் சொல்கிறது, ஆனால் ஒரே வழியை விதிக்கவில்லை. ஆண்டுக்காண்டு ஒரே வழியைப் பின்பற்றினால் சீர்மை இருக்கும் என்பதோடு அது நிற்கிறது.

இதற்கிடையே கடன் ஒப்பந்தத்தில் நடப்பு விகிதம் 1.33-க்குக் குறையக் கூடாது என்று ஒரு நிபந்தனை. வரைவுக் கணக்கில் நடப்புச் சொத்து ₹8.03 கோடி, நடப்புப் பொறுப்பு ₹6 கோடி, விகிதம் 1.338. உடைவதற்கு ₹5 லட்சத்துக்குச் சற்று மேல் போதும். ₹5.50 லட்சப் பிழையைத் திருத்தினால் விகிதம் 1.329. வரம்பு ₹4.50 லட்சமா, ₹6.50 லட்சமா, பழைய ₹8 லட்சமா என்ற விவாதம் இந்த ஒரு பிழைக்கு அர்த்தமிழந்துவிடுகிறது. வங்கி எந்தக் கோட்டைப் பார்க்கிறதோ அந்தக் கோட்டை இந்தப் பிழை மறைக்கிறது. திருத்துமாறு கேட்பதும், நிர்வாகம் மறுத்தால் கருத்தை மாற்றுவதா என்று யோசிப்பதும்தான் மீதி வழி.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சதவீதம் தொடக்கப்புள்ளிதான், முடிவு அல்ல என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கருத்துச் சொல்லும் முன், திருத்தாத பிழைகளை எடைபோடத் தொடங்கும் முன்பே, உண்மையான முடிவுகளை வைத்து மெட்டீரியாலிட்டியை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதும் எஸ்.ஏ. 450-இல் தெளிவாகவே இருக்கிறது. மேலே கண்ட உதாரணம் இரண்டு பங்குகளைப் பிரித்துக் காட்டுகிறது. எவ்வளவு ஆழமாகத் தேடுவது என்பதைத் தொகை தீர்மானித்தது: ₹8 லட்சத்தில் நின்றிருந்தால் சரக்கில் 90 தேர்வுகளோடு வேலை முடிந்திருக்கும். கிடைத்த பிழையைத் திருத்துவதா என்பதைப் பயனாளரின் நிபந்தனை தீர்மானித்தது. ஒன்றை மற்றதன் இடத்தில் வைப்பதில்தான் பல தணிக்கைகள் வழுக்குகின்றன என்று சொல்லலாம்.

தீராதவை மூன்று. லாபம் விழும்போதெல்லாம் வரம்பும் விழ வேண்டுமா என்பது முதலாவது. மோசமான ஆண்டில் தணிக்கை ஆழமாவது நியாயம்தான், ஆனால் நிறுவனத்தின் அளவோ வங்கியின் தேவையோ அதே வேகத்தில் சுருங்குவதில்லை. பல ஆண்டுச் சராசரி ஒரு வழி என்றாலும், அது உண்மையான சரிவைப் பிடிக்காமல் போகலாம். குடும்ப நிறுவனத்தின் பயனாளர் குழு ஒரே வங்கி என்றால், அதன் ஒப்பந்த நிபந்தனையே அடிப்படை அளவாக வேண்டுமா என்பது இரண்டாவது. தரநிலையின் பொதுப் பயனாளர் என்ற கருத்து இதை முழுமையாக ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. பிரிட்டனில் 2013 முதல் சில வகைப் பட்டியலிட்ட நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் மெட்டீரியாலிட்டித் தொகை அச்சிடப்படுகிறது. இந்தியாவில் சிறு நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கும் வங்கி அதிகாரிக்கு அந்தத் தொகையும் தெரியாது, நடுவில் மாறியது என்பதும் தெரியாது. அது வெளியே தெரிந்தால் ஆடிட்டர் கூடுதல் கவனத்தோடு தீர்மானிப்பாரா, அல்லது வழக்கமான 5 சதவீதத்திலேயே பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்வாரா என்பதற்கு இரு பக்கமும் வாதங்கள் உண்டு. இப்போதைக்கு அந்தத் தீர்மானத்தின் ஒரே சாட்சி கோப்பில் உள்ள ஒரு பக்கம்தான். ஆகவே அதில் தொகை மட்டும் இருந்தால் போதாது. எந்த அடிப்படை, ஏன் அந்தச் சதவீதம், எந்தத் தேதியில் எந்தத் தகவலால் மாறியது, மாறிய பின் எந்தச் சோதனை கூடியது என்ற நான்கும் இருந்தால்தான் பின்னால் பார்ப்பவரால் அதை மதிப்பிட முடியும்.